1,121 என்று எழுதிவிட்டு ஏன் நிறுத்தினாய்?

செய்திமடலுக்கு அரைப் பக்கம் கேட்டார்கள். அதற்கே வியர்க்கிறதா உனக்கு?

"எனக்கு எழுத வராது சார்" என்கிறாய். யார் சொன்னது? தினமும் கோப்பில் குறிப்பு எழுதுகிறாயே, அதை எழுதுவது யார் கை?

வராதது எழுத்து இல்லை. பயம் வந்துவிட்டது உனக்கு. மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற பயம். ஒரு பெயர் விட்டுப்போனால் சண்டை வருமே என்ற பயம். கொஞ்சம் கலகலப்பாக எழுதினால் "இது அலுவலகமா, பத்திரிகையா?" என்று கேட்பார்களே என்ற பயம்.

அந்தப் பயத்தோடு எழுதினால் என்ன வரும்? இது வரும்:

"மாண்புமிகு உயர் அலுவலர்களின் மேலான வழிகாட்டுதலின்படி, அனைத்துத் துறை அலுவலர்களின் அயராத உழைப்பினால், இலக்கு வெற்றிகரமாக எய்தப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

படித்துப் பார்! யார் செய்தார்கள்? என்ன செய்தார்கள்? எங்கே? ஒன்றாவது தெரிகிறதா?

இந்த வாக்கியத்தை நீ எந்த ஊருக்கும் அனுப்பலாம். எந்த வருஷத்துக்கும் அனுப்பலாம். குழு செய்த வேலை இதில் ஒரு சொட்டும் இல்லை!

சாக்கு போதும். உன் ஊரிலேயே பாடம் இருக்கிறது. திருவண்ணாமலையில்!

2021. நூறு நாள் வேலைத் திட்டத்தில் திருவண்ணாமலை மாவட்டம் 30 நாளில் 1,121 பண்ணைக் குட்டைகளை வெட்டி முடித்தது. அப்போது பா. முருகேஷ் மாவட்ட ஆட்சியர். சாதனையைப் பதிவுசெய்யும் அமைப்புகளின் சான்றிதழ்களும் வந்தன. நாளிதழ்களில் செய்தியும் வந்தது.

இப்போது வேங்கிக்காலில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று வை. அலுவலகத்துக்குள் மட்டும் சுற்றும் செய்திமடல். அதில் இந்த 30 நாளைப் பற்றி நீ எழுத வேண்டும். என்ன எழுதுவாய்?

"உலக சாதனை!" என்று தலைப்பு வைப்பாயா?

வைக்காதே! அது வெளியே போகும் செய்திக்கு உரிய தலைப்பு. உன் மடலைப் படிக்கப்போகிறவர் யார்? வெயிலில் நின்று டேப் பிடித்த ஓவர்சியர். வருகைப் பதிவேடு எழுதிய பணித்தளப் பொறுப்பாளர். இரவு உட்கார்ந்து கணினியில் ஏற்றியவர். அவர்களுக்குச் சாதனை என்று நீ சொல்லியா தெரிய வேண்டும்?

அவர்கள் பக்கத்தைத் திருப்பியதும் தேடுவது ஒன்றைத்தான். அந்த முப்பது நாள் உண்மையிலேயே எப்படி இருந்தது என்று இதை எழுதியவனுக்குத் தெரியுமா?

தெரியும் என்று காட்டு! அது போதும். தெரியாவிட்டால் எத்தனை அடைமொழி போட்டாலும் அவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

எங்கே தொடங்குவது? எண்ணில் தொடங்கு.

1,121. பெரிய எண். ஆனால் கையில் பிடிக்க முடியாத எண். அதை உடை!

முப்பதால் வகு. நாளுக்கு 37 குட்டை. ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துத்தான் 37!

இன்னும் உடை. நம் மாவட்டத்தில் 18 ஒன்றியங்கள். 37-ஐப் பதினெட்டால் வகு. ஒன்றியத்துக்குத் தினம் இரண்டு!

பார்த்தாயா? இப்போது ஓவர்சியர் நிமிர்ந்து உட்காருவார். தினம் இரண்டு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். இடம் பார்க்க வேண்டும். விவசாயி சம்மதிக்க வேண்டும். ஆள் வர வேண்டும். வெட்ட வேண்டும். அளக்க வேண்டும். மறுநாள் விடிந்தால் இன்னும் இரண்டு!

ஒரு எச்சரிக்கை. இது சராசரி. எல்லா ஒன்றியமும் ஒரே அளவு செய்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஜவ்வாது மலையின் நிலமும் வந்தவாசிப் பக்கத்து நிலமும் ஒன்றா? "சராசரியாக" என்ற ஒரு சொல்லை விட்டால் போதும், அதிகம் செய்தவர் கோபப்படுவார், குறைவாகச் செய்தவர் சிரிப்பார்.

எண்ணை உடைப்பதற்கு முன்னால் அது சரியா என்று பார்த்தாயா? "மேலே இருந்து கொடுத்தார்கள் சார்" என்கிறாயா? அந்தப் பதில் செல்லாது!

முடிந்தது என்றால் எது முடிந்தது? மண் வெட்டி முடிந்ததா? அளந்து எம்-புக்கில் ஏறியதா? கணினியில் பதிவானதா? மூன்றும் வேறு வேறு நாளில் நடப்பவை. மூன்றுக்கும் மூன்று எண் வரும்.

எந்த நாள் மாலைவரை எடுத்த கணக்கு இது? கேள். ஒன்றியவாரிப் பட்டியலை வாங்கு. பதினெட்டு வரியையும் நீயே கூட்டிப் பார். கால்குலேட்டரில் ஒரு நிமிஷ வேலை!

கூட்டுத்தொகை தலைப்பில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் என்ன அர்த்தம்? யாரோ ஒருவர் பழைய பட்டியலைக் கொடுத்திருக்கிறார். அச்சுக்குப் போகும் முன் பிடித்தால் அது ஒரு போன். அச்சான பிறகு பிடித்தால் அது ஓர் ஒன்றியத்தின் அவமானம். அந்த ஒன்றியத்துக்காரர் தன் வரியைத்தான் முதலில் பார்ப்பார், நினைவில் வை!

சரி. எண் கிடைத்துவிட்டது. இப்போது மேஜையை விட்டு எழு!

எழ மாட்டாயா? அப்படியானால் போனையாவது எடு. மூன்று பேரைக் கூப்பிடு. மூன்று பேரும் மூன்று நிலையில் இருக்கட்டும். ஓர் ஓவர்சியர். ஒரு பணித்தளப் பொறுப்பாளர். ஓர் ஊராட்சிச் செயலர்.

என்ன கேட்பாய்? "எப்படி உணர்கிறீர்கள்?" என்றா? கேட்காதே! "ரொம்ப மகிழ்ச்சியா இருக்கு சார்" என்பார். எழுதிக்கொள்வாய். அது செத்த வாக்கியம்.

இதைக் கேள்: "இது நடக்காதுன்னு உங்களுக்கு எந்த நாள் தோணுச்சு?"

அவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொள். அவர் பேசுவார்!

பாறை தட்டிய கதை வரும். நிலம் தருகிறேன் என்று சொன்னவர் மறுநாள் மாறிப் பேசிய கதை வரும். ஆள் வராத நாள் வரும். மழை வந்து பாதி வெட்டிய குழியில் நின்றது வரும். "அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்று இரண்டாவது கேள்வி. அந்தப் பதிலில் இருக்கிறது உன் செய்தி!

தோல்வியை எழுதலாமா என்று கேட்கிறாய். எழுதாமல் எப்படி வெற்றியை எழுதுவாய்? தடையே இல்லாமல் 1,121 குட்டை தானாக வந்ததா? அப்படி எழுதினால் உழைத்தவனின் உழைப்பை நீ திருடுகிறாய்.

ஆனால் ஓர் எல்லை உண்டு. தடையை எழுது, தடையாக இருந்தவரை எழுதாதே. "பாறை தட்டியது" சரி. "இன்னார் கையெழுத்துப் போடத் தாமதித்தார்" தவறு. கொண்டாட்டத்தில் பழி தீர்க்காதே. அதற்கு வேறு கோப்பு இருக்கிறது.

அவர் சொன்னதை மேற்கோளாகப் போடுகிறாயா? அவருக்கே படித்துக் காட்டு. "நான் இப்படியா சொன்னேன்?" என்று அவர் கேட்டால் மாற்று. அவர் பேசிய தமிழிலேயே விடு. "பெருமகிழ்வுற்றேன்" என்று எந்த ஓவர்சியராவது உன்னிடம் போனில் சொன்னாரா?

அடுத்தது பெயர். உன்னை அதிகம் பயமுறுத்துவது இதுதான், தெரியும்!

"ஒரு பேர் போட்டா எல்லாப் பேரும் போடணும் சார். அதனால யார் பேரும் வேண்டாம்." இது முன்ஜாக்கிரதையா? இல்லை, சோம்பல்!

பெயர் இல்லாத பாராட்டு பந்தியில் இலை போட்டுச் சோறு போடாத மாதிரி. உட்கார்ந்தவன் பசியோடு எழுந்து போவான்.

வழி இருக்கிறது. கட்டுரைக்குள் இரண்டு மூன்று பெயர்கள்தான். ஒவ்வொரு பெயரும் தன் வேலையோடு வரட்டும். "சிறப்பாகப் பணியாற்றிய" என்று போடாதே. அவர் செய்ததைப் போடு. "இரவு ஒன்பது மணிவரை அளவுகளைச் சரிபார்த்தவர்" என்று போடு, அது உண்மையானால்.

மீதிப் பெயர்கள் பக்கத்திலேயே ஒரு கட்டத்தில். ஒன்றியவாரியாக, அகரவரிசையில். பதவி வரிசை வேண்டாம். அகரவரிசையோடு யாரும் சண்டை போட முடியாது!

பட்டியலை அந்தந்த ஒன்றியத்துக்கே அனுப்பி வாங்கு. விட்டுப்போனால் அங்கேயே தெரியும். இன்ஷியலையும் பார். கே-யை ஜி ஆக்கிவிட்டால் அவர் அந்த இதழை வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்.

இப்போது ஒரு கேள்வி. மண்ணை வெட்டியது யார்?

அலுவலரா? ஓவர்சியரா? மண்வெட்டி பிடித்தவர்கள் எங்கே உன் பக்கத்தில்?

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2021-22இல் அரசு நிர்ணயித்த தினக்கூலி 273 ரூபாய். அவர்கள் உன் அலுவலகப் பணியாளர்கள் இல்லை. அதனால்தான் உள் செய்திமடலில் அவர்கள் காணாமல் போவது அவ்வளவு சுலபம்!

விடாதே. ஒரு வரியாவது எழுது. அதையும் "பயனாளிகள்" என்று எழுதாதே. குட்டை யாருடைய நிலத்தில் இருக்கிறதோ அவர் பயனாளி. வெட்டியவர் தொழிலாளி. இரண்டையும் குழப்பினால் நீ களத்துக்கே போகவில்லை என்று தெரிந்துவிடும். அவர்களில் ஒருவர் பெயரையோ படத்தையோ போட்டால், கேட்டுவிட்டுப் போடு.

"கலகலப்பா எழுதச் சொன்னாங்க சார், ஆனா மரியாதையாவும் இருக்கணுமாம். ரெண்டும் எப்படி?" புலம்பாதே. இதில் மாயம் ஒன்றும் இல்லை.

சிரிப்பு நிலைமையின் மேல் விழட்டும், மனிதர் மேல் விழக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காணாமல் போனதைப் பற்றிச் சிரி. கடப்பாரையை வளைத்த பாறையைப் பற்றிச் சிரி. கடைசி இடம் வந்த ஒன்றியத்தைப் பற்றிச் சிரிக்காதே. தொழிலாளியைப் பற்றிச் சிரிக்கவே சிரிக்காதே.

வாக்கியத்தை முடுக்கு. "எய்தப்பட்டது" வேண்டாம், "முடித்தோம்" போடு. "மேற்கொள்ளப்பட்டன" வேண்டாம், "வெட்டினோம்" போடு. யார் செய்தார் என்று வினைச்சொல்லே சொல்லட்டும். கலகலப்பில் பாதி அங்கேயே வந்துவிடும்!

ஆச்சரியக்குறி முழுச் செய்திக்கும் ஒன்று. தலைப்பில் வைத்தால் உள்ளே வேண்டாம். (நான் இங்கே அள்ளி இறைக்கிறேனே என்று எண்ணாதே. உன்னை நாற்காலியிலிருந்து எழுப்ப எனக்கு அது தேவைப்படுகிறது. உன் வாசகர் ஏற்கெனவே முப்பது நாள் நின்றவர்.)

சரி, எழுதிப் பார்ப்போமா? 250 சொல்லுக்குள் அடங்க வேண்டும் என்று வை. கீழே இருப்பது அதன் எலும்புக்கூடு. கோடிட்ட இடத்தில் நீ கேட்டு வாங்கியதை நிரப்பு. பாறைச் சம்பவம் நான் மாதிரிக்கு வைத்தது. உனக்குக் கிடைப்பது வேறாக இருக்கும், அதைத்தான் நீ எழுத வேண்டும்.

தலைப்பு: "தினம் 37 குட்டை, 30 நாள்: வெட்டி முடித்தோம்!"

"சராசரியாக நாளுக்கு 37 பண்ணைக் குட்டை. அதாவது ஒன்றியத்துக்குத் தினம் இரண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு இல்லை. ______ தேதி மாலையோடு 1,121 குட்டைகளை அளந்து எம்-புக்கில் ஏற்றிவிட்டோம்.

எல்லாக் குழியும் எளிதில் இறங்கவில்லை. ______ ஊராட்சியில் மூன்றாவது அடியிலேயே பாறை. ஓவர்சியர் ______ அன்று மாலையே நிலத்துக்காரரோடு நடந்து, அதே வயலின் கீழ்ப்பக்கம் புது இடம் குறித்தார். மறுநாள் காலை அங்கே வேலை தொடங்கியது. 'அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல' என்கிறார் அவர்.

மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்தவர்கள் நூறு நாள் வேலைக்கு வந்த நம் ஊர்ப் பெண்களும் ஆண்களும். அவர்கள் வேகத்துக்கு அளவு எடுக்க ஓடினோம் என்பதே உண்மை.

குட்டைகள் தயார். தண்ணீர் இனிமேல்தான் வர வேண்டும். ஒன்றியவாரிப் பெயர்ப் பட்டியல் பக்கத்துக் கட்டத்தில்."

படித்தாயா? "அயராத" எங்கே? "வெற்றிகரமாக" எங்கே? ஒன்றும் இல்லை. உழைப்பு தெரிகிறதா? தெரிகிறது!

கடைசிப் பத்தியைப் பார்த்தாயா? "விவசாயிகள் வாழ்வு வளம் பெற்றது" என்று முடிக்கத்தான் உன் விரல் துடிக்கும். அடக்கு! குட்டை வெட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எப்படி வளம் பெற்றது?

நீ எண்ணியது குட்டையை. தண்ணீரை இன்னும் எண்ணவில்லை. மழை பெய்து, ஓடிவந்த நீர் உள்ளே நின்று, ஒரு பயிருக்காவது உயிர்நீர் கிடைத்த பிறகு எழுது அந்த வரியை. சாதித்ததை எழுதத் துணிவு வேண்டும். சாதிக்காததை எழுதாமல் இருக்க அதைவிடத் துணிவு வேண்டும்!

"எல்லாம் சரி சார். மேலதிகாரி பேரு முதல் வரியில இல்லையே, ஒத்துப்பாரா?"

வந்துவிட்டாயா கடைசிப் பயத்துக்கு? கேள்.

அவருக்கு இடம் கொடு. நல்ல இடமாகக் கொடு. தனியாக ஒரு கட்டம், அவர் படம், அவர் பெயரில் நான்கு வரி. அங்கே அவர் தன் குழுவுக்கு நன்றி சொல்லட்டும். அவரிடமும் அதே கேள்வியைக் கேள்: எந்த நாள் முடியாது என்று தோன்றியது? அவர் உண்மையாகப் பதில் சொன்னால், அந்த இதழில் அதிகம் படிக்கப்படும் நான்கு வரி அதுதான்!

வரைவைக் கொண்டுபோகும்போது வெறுங்கையோடு போகாதே. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்று பென்சிலில் குறி. "ஐயா, இதில் தகவல் பிழை இருந்தால் நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள்" என்று கேள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதே. எப்படி இருக்கிறது என்று கேட்டால் எட்டுப் பேர் எட்டு அடைமொழி சேர்ப்பார்கள். பிழை இருக்கிறதா என்று கேட்டால் பிழையை மட்டும் பார்ப்பார்கள்.

அப்படியும் "மேலான வழிகாட்டுதல்" திரும்பி வந்தால்? ஒரு முறை மரியாதையாகச் சொல்லிப் பார். "ஐயா, இந்த வரியைவிட உங்கள் கட்டத்தில் நீங்கள் சொன்னது நன்றாக இருக்கிறது." கேட்கலாம், கேட்காமலும் போகலாம். கேட்காவிட்டால் அந்த ஒரு வரியை விட்டுக்கொடு. ஓவர்சியர் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்காதே!

படம்? சான்றிதழைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும் படம் வேண்டாம். அது நாளிதழில் வந்தாகிவிட்டது. குட்டைக்குள் நிற்கும் ஆட்களின் படம் தேடு. வேலை நடக்கும்போது எடுத்த ஜியோடேக் படங்கள் கணினியில் கிடக்கின்றன, போய்ப் பார். கீழே "இடமிருந்து வலமாக" என்று பெயர்களைப் போடு. ஊர்ப் பெயரும் போடு.

அச்சாகி வந்ததும் மின்னஞ்சலில் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடாதே. பணித்தளப் பொறுப்பாளருக்கு அலுவலக மின்னஞ்சல் உண்டா? ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல். வாட்ஸ்அப்பில் அந்தப் பக்கத்தைப் படமாக அனுப்பு. யாரைப் பற்றி எழுதினாயோ அவர் கண்ணில் படாத பாராட்டை எதற்கு எழுதினாய்?

"தீபம் வருது சார், டியூட்டி போட்டுட்டாங்க, நேரமே இல்லை." தெரியும். கார்த்திகை வந்தால் இந்த ஊரில் எந்த அலுவலருக்குத்தான் நேரம் இருக்கிறது? ஆனால் மூன்று போன், ஒரு கூட்டல், 250 சொல். ஒரு மாலை போதும். தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? ஓவர்சியர் மறந்துவிடுவார். பாறை தட்டியது எந்த ஊராட்சி என்று அவருக்கே குழப்பம் வரும். பிறகு உனக்கு மிஞ்சுவது "அயராத உழைப்பு" மட்டும்தான்!

எழுதி அனுப்பியதும் வேலை தீர்ந்ததா? தீரவில்லை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓயும். ஜனவரியில் அதே ஒன்றியங்களுக்குப் போன் போடு. எத்தனை குட்டையில் தண்ணீர் நின்றது? எத்தனை வறண்டு கிடக்கிறது? இரண்டு எண்ணையும் வாங்கு. இரண்டையும் அடுத்த இதழில் போடு!